மாதக் கடைசி ஸ்கீமும் மூன்று மாதக் கணக்கும்

மாதத்தின் கடைசி நான்கைந்து நாட்களில் சோப்பு, பற்பசை, பிஸ்கட் விற்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் குடோனுக்குள் நுழைந்தால் நடக்க வழியிருக்காது. உள்ளே பெட்டிகள் கூரையைத் தொட்டு நிற்க, வாசலில் இன்னொரு லாரி காத்திருக்கும். போனில் கம்பெனியின் ஏரியா மேனேஜர் இருப்பார். “அண்ணே, டார்கெட்டுக்கு இன்னும் அம்பது பெட்டி குறையுது. ஸ்கீம் இந்த மாசத்தோட முடியுது. எடுத்துப் போட்டுருங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.” அண்ணன் எடுத்துப் போடுகிறார். கம்பெனியின் கணக்கில் அந்த ஐம்பது பெட்டியும் அன்றே விற்றதாகிவிடுகிறது. ஆனால் அதிலிருந்து ஒரு சோப்புக்கூட இன்னும் யார் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை.

ஸ்கீம் என்று வியாபாரிகள் சொல்வது, கம்பெனி தன் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கடைக்காரருக்கும் தரும் சலுகை. பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது அதில் மிகப் பழையது. மூன்று மாதத்தில் இவ்வளவு எடுத்தால் இத்தனை சதவீதம் என்று படிப்படியாக ஏறும் ஸ்லாப், கடையின் முன்வரிசையில் பொருளை அடுக்கி வைப்பதற்கு மாதம் தவறாமல் தரும் டிஸ்ப்ளே தொகை, சில நேரம் வெளிநாட்டுச் சுற்றுலா என்று வகைகள் பல. கடைக்கு வரும் நமக்கு இவை எதுவும் தெரிவதில்லை. டிவி விளம்பரம் நம்மிடம் பேசுகிறது, ஸ்கீம் கடைக்காரரிடம் பேசுகிறது.

இந்தப் பணத்தால் விற்பனை உண்மையிலேயே கூடுகிறதா என்று கேட்டால், பெரும்பாலான அலுவலகங்களில் ஒரே ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள். ஸ்கீம் ஓடிய மாதத்தில் கோடு மேலே ஏறியிருக்கும். அந்தக் கோடு எதன் கோடு என்று பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு சோப்பு மூன்று முறை விற்கப்படுகிறது. முதலில் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்கிறது. இதை பிரைமரி என்பார்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் சேல்ஸ்மேன் லைனுக்குப் போய் மளிகைக்கடைகளுக்கு விற்கிறார், அது செகண்டரி. கடைசியில் கடைக்காரர் நமக்கு விற்பது ஆஃப்டேக். கம்பெனிக்குப் பணம் வருவது முதல் விற்பனையில். அந்தப் பணம் நிலைத்திருப்பது மூன்றாவது விற்பனையால். பிரைமரிக்கு பில் இருக்கிறது, செகண்டரியும் இப்போது சேல்ஸ்மேனின் செல்போனில் பதிவாகிறது. ஆஃப்டேக்குக்கு மட்டும் தெருமுனைக் கடையில் எந்தப் பதிவும் இல்லை. அண்ணாச்சி பத்து ரூபாய் சோப்புக்கு பில் போடுவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. நடப்பது ஏறக்குறைய இப்படித்தான். கோவில்பட்டி போன்ற ஓர் ஊரில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். பொருள், பத்து ரூபாய் பாத்திரம் துலக்கும் சோப்பு. பெட்டிக்கு 60 சோப்பு. வழக்கமாக மாதம் 400 பெட்டி ஓடும். அவர் குடோனில் எப்போதும் 200 பெட்டியும், ஊரிலுள்ள கடைகளில் எல்லாமாகச் சேர்த்து 200 பெட்டியும் இருப்பு இருக்கும். ஜூலையில் கம்பெனி கடைகளுக்கு 12-க்கு 1 இலவசம் என்று அறிவிக்கிறது. பணமாக்கினால் பெட்டிக்குச் சுமார் 40 ரூபாய். ஒரு பெட்டி விற்றால் கம்பெனிக்கு, ஸ்கீம் செலவைக் கழிக்கும் முன், 150 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஜூலையில் டிஸ்ட்ரிபியூட்டர் 600 பெட்டி எடுக்கிறார், கடைகளுக்கு 540 பெட்டி தள்ளுகிறார். கம்பெனி அலுவலகத்தில் கணக்கு எளிது. கூடுதலாக 200 பெட்டி, அதற்கு லாபம் 30,000 ரூபாய். ஸ்கீம் செலவு 540 பெட்டிக்கு 21,600 ரூபாய். கையில் 8,400 ரூபாய் மிச்சம். ஏரியா மேனேஜருக்குப் பாராட்டு மின்னஞ்சல் வருகிறது.

அந்த மாதம் வீடுகளுக்குப் போனது 430 பெட்டி மட்டுமே. மிச்சம் குடோனிலும் கடை அட்டத்திலும் தங்கிவிட்டது. குடோன் இருப்பு 260 ஆகவும், கடைகளின் இருப்பு 310 ஆகவும் ஏறியிருக்கிறது. ஆகஸ்டில் சேல்ஸ்மேன் கடை ஏறினால், “போன மாசம் நீ போட்டதே அப்படியே கெடக்குப்பா” என்கிறார் அண்ணாச்சி. அந்த மாதம் கடைகள் 310 பெட்டிதான் வாங்குகின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனியிடம் எடுப்பது வெறும் 250. செப்டம்பரில் கடைகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் 390 பெட்டி எடுத்து ஏறக்குறைய இயல்புக்குத் திரும்புகிறார்கள். இந்த இரண்டு மாதங்களிலும் வீடுகளுக்குப் போனது மாதம் 405 பெட்டி. செப்டம்பர் முடிவில் குடோனிலும் கடைகளிலும் பழையபடி இருநூறு இருநூறுதான் இருப்பு.

இப்போது மூன்று மாதத்தையும் சேர்த்துக் கூட்டினால் 600, 250, 390. மொத்தம் 1,240 பெட்டி. ஸ்கீமே இல்லாமல் 1,200 போயிருக்கும். ஆக உண்மையில் கூடியது 40 பெட்டி, அதன் லாபம் 6,000 ரூபாய். செலவு அதே 21,600. 8,400 ரூபாய் லாபம் என்று பாராட்டு வாங்கிய ஸ்கீம் 15,600 ரூபாய் நட்டம். செலவைச் சரிக்கட்டவே 144 பெட்டி கூடுதலாக வீடுகளுக்குப் போயிருக்க வேண்டும். இந்த 144 என்ற எண்ணை ஸ்கீம் தொடங்கும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு வியப்பு.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் செய்தது நல்ல வியாபாரம், மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி வைத்தார். அண்ணாச்சியும் அதையே செய்தார். அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற சரக்கை இந்த மாதமே குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். உலகம் முழுக்க இதே கதை. 1990-களில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பர்களின் ஆர்டரைப் பார்த்துக் குழம்பியது. குழந்தைகள் டயப்பரை நனைப்பதில் மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் கிடையாது. கடைகளின் விற்பனையும் பெரிதாக ஆடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர்களின் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியது. ஹாவ் லீ முதலிய ஆய்வாளர்கள் 1997-இல் இந்த ஆட்டத்தை விளக்கியபோது சொன்ன காரணங்களில் ஒன்று இந்த விலைச் சலுகைகள்தான். ஏறி இறங்கும் ஆர்டருக்கு ஏற்பத் தொழிற்சாலை ஒரு மாதம் கூடுதல் நேரம் ஓட வேண்டும், மறுமாதம் சும்மா கிடக்க வேண்டும். அந்தச் செலவு ஸ்கீம் கணக்கில் வருவதே இல்லை.

நம் கணக்குக்குத் திரும்புவோம். அந்த 40 பெட்டியையும் ஸ்கீமின் பெயரில் எழுதிவிட முடியாது. ஆடி மாதம் கோயில் கொடை வந்திருக்கலாம், போட்டிக் கம்பெனியின் சரக்கு வராமல் இருந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரே வழி, ஸ்கீம் கொடுக்காத இடத்தை ஒப்பிடுவது. ஏறக்குறைய இதே அளவுள்ள பக்கத்து ஊர் ஒன்றில் ஸ்கீம் ஓடவில்லை, அங்கேயும் அந்த மூன்று மாதத்தில் விற்பனை இரண்டு சதவீதம் கூடியது என்றால், நம் ஊரும் சும்மா இருந்தே 1,224 பெட்டியைத் தொட்டிருக்கும். ஸ்கீம் சேர்த்தது 16 பெட்டிதான்.

போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் போதாதா என்பார்கள். பல நேரம் போதாது. 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. விலை இறங்கப்போகிறது என்று தெரிந்த பிறகு பழைய விலைச் சரக்கை ஏற்ற யாருக்குக் கை வரும்? அந்த ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரை எந்த ஸ்கீமுக்கும் அளவுகோலாக வைத்தால் வரும் பதில் அபத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து ஊருக்கு வரிக் குறைப்பும் ஒன்று, மழையும் ஒன்று. அதனால்தான் அது நேர்மையான துணை.

சரி, வீடுகளுக்கு 430 பெட்டி போனது என்று எப்படித் தெரியும்? அண்ணாச்சியிடம்தான் பில் இல்லையே. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஆர்தர் நீல்சன் 1930-களில் மருந்துக்கடைகளில் தொடங்கியது அது. கடையில் உள்ள இருப்பை ஒரு நாள் எண்ணுகிறார்கள். இடையில் கடை வாங்கியதைச் சேர்க்கிறார்கள். மறுபடி ஒரு நாள் எண்ணிக் கழிக்கிறார்கள். குறைந்தது எதுவோ அது விற்றது. எந்த மளிகைக்கடைக்காரரும் மனதுக்குள் போடும் கணக்குதான். ஊரிலுள்ள எல்லாக் கடைகளையும் எண்ண வேண்டியதில்லை. பெரியது, நடுத்தரம், சிறியது என்று கலந்து முப்பது கடை எடுத்தால் ஓரளவு போதும். எண்ணுகிறவர் மட்டும் அந்த லைனின் சேல்ஸ்மேனாக இருக்கக் கூடாது. டார்கெட்டைச் சுமப்பவர் கையில் தராசைக் கொடுக்கலாகாது.

அப்படி எண்ணப் போகும்போது வேறொன்றும் வெளிச்சத்துக்கு வரும். பல கடைகளுக்கு ஸ்கீமே போயிருக்காது. கம்பெனி அறிவித்த இலவசத்தை டிஸ்ட்ரிபியூட்டரோ சேல்ஸ்மேனோ வழியிலேயே நிறுத்திக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். “ஸ்கீம் போன வாரமே முடிஞ்சிருச்சு அண்ணாச்சி” என்று சின்னக் கடையில் சொல்லிவிட்டு, அந்த இலவசத்தையெல்லாம் சேர்த்து மொத்த வியாபாரியிடம் குறைந்த விலைக்கு இறக்கிவிடுவார்கள். அவர் அதை அடுத்த டிஸ்ட்ரிபியூட்டரின் எல்லைக்குள் இரண்டு ரூபாய் குறைத்து அனுப்புவார். அந்த ஊர்க்காரர், “என் கடைக்கு எவன் சரக்கு வருது?” என்று கம்பெனிக்குப் போன் போடுவார். பெட்டியின் பேட்ச் எண்ணைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று பிடித்துவிடலாம். ஆனால் மாதம் முடியும்வரை யாரும் பிடிக்க விரும்புவதில்லை, டார்கெட் நிறைகிறதே.

டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அவருடைய மார்ஜின் பெரும்பாலும் நூற்றுக்கு நான்கிலிருந்து ஆறு ரூபாய். அதில் குடோன் வாடகை, வண்டி, ஆள் சம்பளம், கடைகளுக்குக் கொடுத்த கடன் எல்லாம் அடங்க வேண்டும். கடைக்குக் கொடுக்கும் இலவசத்தையும் டிஸ்ப்ளே தொகையையும் பல கம்பெனிகளில் அவர்தான் முதலில் தன் கையிலிருந்து கொடுக்கிறார். பிறகு கிளெய்ம் எழுதி அனுப்பி, கிரெடிட் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்தால் இன்னும் ஒரு மாதம். அந்தப் பணத்துக்கு வங்கிக்கு வட்டி கட்டுகிறவர் அவர். தங்கிப்போன சரக்கு காலாவதியானால் அந்தச் சண்டையும் அவருடையது. ஸ்கீம் அதிகமாக அதிகமாக டிஸ்ட்ரிபியூட்டர் செழிப்பார் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அவருடைய நிலுவைக் கிளெய்ம் கோப்பைப் புரட்டிப் பார்க்கலாம்.

டிஸ்ப்ளே தொகையின் கதை கொஞ்சம் வேறு. இங்கே சரக்கு முன்கூட்டி வாங்கப்படும் சிக்கல் அதிகம் இல்லை. கண்ணுக்கு நேராக இருக்கும் பொருளைக் கை எடுக்கும் என்பதும் உண்மை. சிக்கல், எந்தக் கடைக்குக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. கம்பெனி எப்போதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலுள்ள, கூட்டம் மொய்க்கும், வளர்ந்துகொண்டிருக்கும் கடையைத்தான் தேர்ந்தெடுக்கும். பிறகு அந்தக் கடையில் விற்பனை கூடியதைக் காட்டி, டிஸ்ப்ளே வேலை செய்கிறது என்னும். டிஸ்ப்ளே இல்லாவிட்டாலும் அந்தக் கடை வளர்ந்திருக்கும்.

இதைச் சோதிக்கச் சீட்டுக் குலுக்கல் ஒன்றே போதும். ஒரே அளவு வியாபாரமுள்ள அறுபது கடைகளை எடுத்து, குலுக்கிப் போட்டு, முப்பது கடைக்கு மட்டும் டிஸ்ப்ளே கொடுக்க வேண்டும். சத்துமாவு ஜாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜாடிக்குக் கம்பெனி லாபம் 60 ரூபாய், கடைக்கு மாதம் 400 ரூபாய் டிஸ்ப்ளே தொகை. அப்படியென்றால் கடைக்கு மாதம் ஏழு ஜாடி கூடுதலாகப் போனால்தான் முதல் தேறும். முன்பு எல்லாக் கடைகளிலும் சராசரி 20 ஜாடி. டிஸ்ப்ளே வைத்த கடைகளில் அது 27 ஆனது. சரியாக ஏழு கூடியிருக்கிறது, முதல் தேறிவிட்டது என்று எழுந்து போய்விடத் தோன்றும். ஆனால் டிஸ்ப்ளே வைக்காத முப்பது கடைகளிலும் 20 என்பது 23 ஆகியிருக்கிறது. தேர்வுக் காலம், பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சத்துமாவு வாங்குகிறார்கள். ஆக, டிஸ்ப்ளே கொண்டுவந்தது நான்கு ஜாடி. 240 ரூபாய் வர 400 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

இதே 400 ரூபாயை நம் பத்து ரூபாய் சோப்புக்குக் கொடுத்தால்? சோப்புக்குக் கம்பெனி லாபம் இரண்டரை ரூபாய். மாதம் 160 சோப்பு கூடுதலாகப் போக வேண்டும். ஒரு நடுத்தரக் கடையில் அது நடக்கவே நடக்காது. அதை அறியச் சோதனைகூடத் தேவையில்லை.

அடுக்கி வைத்தது அடுக்கியபடியே இருக்கிறதா என்பதும் தனிக் கேள்வி. மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து அனுப்பினால் பணம் என்பது ஏற்பாடு. போட்டோ எடுத்த மறுநாள் அந்த இடத்தில் அப்பளக் கட்டு ஏறிவிடும். ஒரே அலமாரியை மூன்று கோணத்தில் எடுத்து மூன்று கடைக்கு அனுப்பும் கெட்டிக்காரர்களும் உண்டு. பின்னால் தெரியும் காலண்டரும் சுவர்க்கடிகாரமும் காட்டிக்கொடுக்கும். சொல்லாமல் போய்ப் பார்ப்பதைவிட நல்ல தணிக்கை இதற்கு இல்லை.

இவ்வளவும் சொன்னதால் எல்லா ஸ்கீமும் வீண் என்று கொள்ள வேண்டாம். பொருளைப் பொறுத்தது அது. வீட்டில் சோப்பு கூடுதலாக இருந்தால் பாத்திரம் கூடுதலாகாது. சிப்ஸும் பிஸ்கட்டும் அப்படியல்ல, இருந்தால் தீர்ந்துவிடும். கோடைக்கு முன் குளிர்பானத்துக்குத் தரும் ஸ்கீமுக்கு வேறொரு நோக்கம் இருக்கிறது. கடையின் குளிர்ப்பெட்டியிலும் அண்ணாச்சியின் கல்லாவிலும் உள்ள இடம் குறைவு, அதை முதலில் நிரப்பியவனே போட்டியாளனைத் தள்ளிவைக்கிறான். புதுப்பொருளுக்கு ஸ்கீம் இல்லாமல் கடை ஏறவே முடியாது. அங்கே அளக்க வேண்டியது முதல் ஆர்டரை அல்ல. ஸ்கீம் நின்ற பிறகு, எத்தனை கடைகள் முழு விலைக்கு இரண்டாம் முறை கேட்டன என்பதை. நூறு கடையில் ஏற்றி முப்பது கடை மறுபடி கேட்டால் பொருளுக்கு உயிர் இருக்கிறது. ஐந்து கடைதான் கேட்டது என்றால், மற்ற தொண்ணூற்றைந்து கடைகளில் ஏற்றியது பெரும்பாலும் காலாவதிச் சரக்காகத் திரும்பி வரும்.

ஒருவர் மட்டும் ஸ்கீமை நிறுத்திவிடவும் முடியாது. அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் பிராக்டர் அண்ட் கேம்பிள் அதைச் செய்து பார்த்தது. கடைகளுக்கான சலுகைகளை வெட்டி, பட்டியல் விலையையே குறைத்தது. போட்டியாளர்கள் பெரிதாகப் பின்தொடரவில்லை. பல பொருள்களில் அதன் சந்தைப் பங்கு குறைந்தது. லாபம் கூடியிருக்கலாம் என்றே பின்னால் ஆராய்ந்தவர்கள் கணித்தார்கள். நம் ஊரில் ஒரு விற்பனை அதிகாரி மேலிடத்தில் போய், பங்கு குறையும், லாபம் கூடும் என்று சொன்னால் நாற்காலி தங்குமா என்பது சந்தேகம்தான்.

என் கட்சி இது. புதுப்பொருளுக்கும், பருவம் தொடங்கும் முன் இடம் பிடிக்கவும் தரும் ஸ்கீமுக்குப் பொருள் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளுக்கு மாதம் தவறாமல் கடைசி வாரத்தில் தரும் ஸ்கீம், அடுத்த மாத விற்பனையைக் கழிவு கொடுத்து முன்கூட்டி வாங்குவது மட்டுமே. கடைக்காரர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். இருபதாம் தேதிவரை யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை, கடைசி வாரத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஸ்கீம் கடிதம் வந்ததும் டார்கெட்டைப் பார்க்கும் முன், உங்கள் லைனில் முப்பது கடைகளைத் தேர்ந்து அந்தப் பொருளின் இருப்பை எண்ணி எழுதி வையுங்கள். லைனுக்குப் போகாத ஒரு ஆளை அனுப்பினால் இரண்டு நாள் வேலை. ஸ்கீம் தொடங்கிய பிறகு அந்த முதல் எண் எங்கு தேடினாலும் கிடைக்காது. அந்த எண் இல்லாமல், மூன்று மாதம் கழித்து கம்பெனிக்காரரிடம் “இதுல எனக்கு என்ன மிஞ்சுச்சு?” என்று கேட்க உங்களிடம் ஆதாரம் எதுவும் இருக்காது.